இரண்டு தாள் பயோடேட்டா, ஒரு பக்க ரெஸ்யூமே

கோடு போட்ட இரண்டு தாள்கள். முதல் தாளின் உச்சியில் பயோடேட்டா என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து அடியில் இரட்டைக் கோடு. அதன் கீழே பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வயது, மதம், சாதி, முகவரி. பிறகு பேனாவால் கட்டம் போட்ட படிப்பு விவரம். இரண்டாம் தாளில் டைப்ரைட்டிங், டேலி, பொழுதுபோக்கு. கடைசியில் 'மேலே சொன்ன யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. படிப்பை முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகள் பலர் இதை மொபைலில் படம் எடுத்து, தெருமுனை பிரவுசிங் சென்டருக்கோ கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சொந்தக்காரருக்கோ வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: "இத ஒரே பக்கமா ரெஸ்யூமே ஆக்கித் தாங்கண்ணா."

வாங்கியவர் வழக்கமாக என்ன செய்கிறார்? ஏற்கெனவே யாருக்கோ அடித்து வைத்த ஃபைலைத் திறக்கிறார். பெயரை மாற்றுகிறார், மதிப்பெண்ணை மாற்றுகிறார், புரியாத இடத்தில் தோன்றியதைப் போட்டு நிரப்புகிறார். கால் மணி நேரத்தில் பிரின்ட் கைக்கு வந்துவிடும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கையெழுத்தில் இருந்தவரை சந்தேகமாகத் தெரிந்த ஒரு தவறு, அச்சில் ஏறியதும் உண்மைபோலவே நிற்கும். அதன் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்தப் பிள்ளை உட்பட. அழகுபடுத்துவது இந்த வேலையில் சிறு பங்குதான். பெரும்பங்கு, எழுதியிருப்பதைச் சரியாகப் படிப்பதும் ஊகிக்காமல் கேட்பதும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பக்கத்து மாணவி ஒருவர். பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் பி.காம். கடைசி செமஸ்டர். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய இரண்டு தாள்களும் நம் கைக்குப் படமாக வந்திருக்கின்றன.

படம் தெளிவாக இருக்கிறதா?

எழுத்தைத் தொடுவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பும் படம் வழக்கமாகச் சுருங்கித்தான் வந்து சேரும். பெரிதாக்கிப் பார்த்தால் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும். தாளை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பவரின் நிழல் தாளில் விழக்கூடாது.

படத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. நான்கு ஓரமும் தெரிகிறதா? வலது ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் காணாமல் போவது மதிப்பெண் சதவீதம், ஏனென்றால் அது கட்டத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். தாளை மடித்த கோட்டின்மேல் ஏதாவது வரி இருக்கிறதா? பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாரா? இவற்றில் எதற்காவது விடை தெரியாவிட்டால் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்வதே நல்லது. கூடவே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டுகளையும் சான்றிதழ்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இவை இல்லாமல் இந்த வேலையை ஒழுங்காக முடிக்க முடியாது. காரணம் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

முதலில் உள்ளது உள்ளபடி

அடுத்து, எதையும் திருத்தாமல், வரிசையை மாற்றாமல், தாளில் இருப்பதை அப்படியே டைப் செய்து ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி மொபைலிலேயே இருக்கிறது. படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலும் எழுத்து வரும். அச்செழுத்துக்கு அது நன்றாக உதவும். கையெழுத்துக்கு, அதுவும் கட்டத்துக்குள் எழுதிய எண்களுக்கு, நம்ப முடியாது. ஒரு சொல் தவறாக வந்தால் அடியில் சிவப்புக் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும். எண் தவறாக வந்தால் எந்தக் கோடும் விழாது. இரண்டு தாளைக் கையால் டைப் செய்ய அதிக நேரம் ஆகப்போவதில்லை.

டைப் செய்யும்போது சந்தேகம் வரும் இடங்களில் மஞ்சள் நிறம் பூசிக்கொண்டே போக வேண்டும். அந்த இடத்தில் நின்று யோசித்து ஊகிக்கக்கூடாது. நம் மாணவியின் தாளில் மஞ்சள் விழுந்த இடங்கள் பல. அவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, மின்னஞ்சல் முகவரி. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே இருப்பது புள்ளியா, அடிக்கோடா? அதன் பிறகு வருவது ஒன்று என்ற எண்ணா, `l` என்ற எழுத்தா? பூஜ்ஜியமா, `o` எழுத்தா? கோடு போட்ட தாளில் எழுதிய அடிக்கோடு, தாளின் கோட்டோடு ஒட்டி மறைந்தே போகும். உற்றுப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. டைப் செய்த முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பி, "வந்துச்சாம்மா?" என்று கேட்டால் தீர்ந்தது. மொபைல் எண்ணுக்கும் இதே வழிதான். பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, டைப் செய்த எண்ணைப் பார்த்து ஒரு முறை அழைத்துப் பார்க்க வேண்டும். ரெஸ்யூமேயில் வேறு எது தவறினாலும் சமாளிக்கலாம். இந்த இரண்டும் தவறினால் இன்டர்வியூ அழைப்பே வந்து சேராது.

இரண்டாவது, பிளஸ் டூ மதிப்பெண். தாளில் 411 போலத் தெரிகிறது. பக்கத்துக் கட்டத்தில் சதவீதம் 78.5 என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 மார்ச் தேர்விலிருந்து பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600. அதற்கு முன்பு 1200. 600-க்கு 411 என்றால் 68.5 சதவீதம்தான் வரும். 471 என்றால் சரியாக 78.5. குறுக்குக் கோடு போடாத 7 தான் ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. ஆனாலும் கணக்கு காட்டுவது வாய்ப்பை மட்டுமே. மாணவியே சதவீதத்தைத் தவறாகப் போட்டிருக்கலாம் அல்லவா? மார்க் ஷீட் படத்தில் 471 என்று பார்த்த பிறகுதான் மஞ்சளை எடுக்க வேண்டும்.

பெயரையும் மார்க் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாளில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும். வேலைக்குச் சேரும் நாளில் சான்றிதழ்களை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள் என்பதால், மார்க் ஷீட்டில் எந்த எழுத்தமைப்பில் பெயர் இருக்கிறதோ அதையே ரெஸ்யூமேயிலும் வைப்பது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

தேதிகளை ஒழுங்காக்கினால்

இந்த வேலையின் நடுநாயகம் தேதிதான். மாணவியின் தாளில் தேதிகள் இப்படி இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு 2020-21. பிளஸ் டூவுக்கு மார்ச்-2023. பி.காமுக்கு 2022-26. டேலி வகுப்புக்கு '3 மாதம்'. ஆடிட்டர் அலுவலகப் பயிற்சிக்கு '1 மாதம், டிச.' டைப்ரைட்டிங்குக்கு 8/24. ஆறு இடம், ஆறு விதம்.

இவற்றை ஒரே பாணிக்கு மாற்றுவது அழகுக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி மாற்றும்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் முரண்பாடுகள் வெளியே வருகின்றன. மார்ச் 2023-ல் பிளஸ் டூ எழுதியவர் 2022-ல் பி.காம். சேர்ந்திருக்க முடியாது. பி.காம். மூன்று ஆண்டுப் படிப்பு, 2022-26 என்றால் நான்கு ஆண்டு ஆகிறது. இரண்டு வகையிலும் 2022 பொருந்தவில்லை. கேட்டால், "ஐயோ, 2023-ண்ணா" என்பார். தாளில் இரண்டும் வேறு வேறு பாணியில் கிடந்தபோது யார் கண்ணிலும் படாத தவறு இது.

எந்தப் பாணியைத் தேர்ந்தெடுப்பது? எல்லா இடத்திலும் மாதமும் ஆண்டும் போடலாம் என்று முதலில் தோன்றும். நம் மாணவிக்கு அது பொருந்தாது. அவர் பத்தாம் வகுப்பு முடித்தது 2021-ல். கொரோனா காரணமாகத் தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. சான்றிதழிலும் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். நடக்காத தேர்வுக்கு எந்த மாதத்தைப் போடுவது? ஆகவே படிப்புக்கு ஆண்டு மட்டும், பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் மாதமும் ஆண்டும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே பகுதிக்குள் ஒரே பாணி என்பதுதான் விதி. பக்கம் முழுக்க ஒரே பாணியைத் திணிக்க வேண்டியதில்லை.

அந்தப் பத்தாம் வகுப்புச் சதவீதக் கட்டத்தில் மாணவி 'ஆல் பாஸ்' என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாதே என்று டைப் செய்பவர் ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சான்றிதழில் உள்ளபடி தேர்ச்சி என்று மட்டும் போட்டால் போதும். 2021-ல் தமிழ்நாடு மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பள்ளி மாணவர்களுக்கு இதே நிலைதான்.

தேதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நாளில் முடிந்தது வேறு, நாள்கணக்காக நீடித்தது வேறு. தேர்வில் தேறியது ஒரு புள்ளி, அதற்கு ஒரு தேதி போதும். படிப்பு, வகுப்பு, பயிற்சி ஆகியவை நீடித்தவை, அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். '3 மாதம்' என்பது நீளத்தைச் சொல்கிறது, எப்போது என்பதைச் சொல்லவில்லை. டேலி சான்றிதழைப் பார்த்தால் 2024 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகம் கொடுத்த கடிதத்தில் 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஜனவரி 4 வரை என்று இருக்கிறது. இதை மாதக்கணக்கில் எழுதினால் டிசம்பர் முதல் ஜனவரி வரை என்று வரும். படிப்பவர் இரண்டு மாதம் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் நான்கே வாரம். பக்கத்தில் நான்கு வாரம் என்று சேர்த்துவிட்டால், இன்டர்வியூவில் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்தாலும் மாணவி தடுமாற மாட்டார்.

பிறந்த தேதி போட வேண்டியிருந்தால் மாதத்தை எழுத்தில் எழுதுவது பாதுகாப்பு. 5/9/2005 என்பது நமக்குச் செப்டம்பர் 5. அமெரிக்க வழக்கில் படிப்பவருக்கு அது மே 9.

எது முதலில், எது பிறகு

கையால் எழுதிய பயோடேட்டாவின் வரிசை, ஆளை அறிமுகப்படுத்தும் பழைய வரிசை. குடும்பம், பிறப்பு, பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும் படிப்பு, பிறகு மற்றவை. ஆள் எடுப்பவர் தேடுவதோ தலைகீழ். இவர் கடைசியாக என்ன படித்தார், இந்த வேலைக்கு என்ன தெரியும், எப்படித் தொடர்புகொள்வது என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். அதனால் பெயரும் தொடர்பும் மேலே, அடுத்து படிப்பு, அடுத்து பயிற்சி, அடுத்து கற்ற திறன்களும் சான்றிதழ்களும், கடைசியில் மொழிகளும் மற்றவையும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் புதியது மேலே, பழையது கீழே. பி.காம். முதலில் வரும், பத்தாம் வகுப்பு கடைசியில் போகும்.

முன் அனுபவம் உள்ளவருக்கு வேலைதான் முதல் பகுதி. ஃப்ரெஷருக்குப் படிப்பு மேலே வருவதற்குக் காரணம், அவரிடம் இருப்பதில் கனமானது அதுதான் என்பதே.

இப்போது பயிற்சிப் பகுதிக்கு வருவோம். தாளில் 'ஆடிட்டர் ஆபீஸ் டிரெயினிங்' என்று மட்டும் இருக்கிறது. அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இந்தத் தாள்களிலேயே மதிப்பு மிக்க வரி இதுதான், ஆனால் அதில் விவரம் ஏதும் இல்லை. போனில் கேட்க வேண்டும்.

"அங்க என்னம்மா வேலை பார்த்தீங்க?"

"சும்மா பில்லு எல்லாம் டேலியில ஏத்தச் சொன்னாங்கண்ணா. அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட்ட வெச்சு கேஷ் புக்கோட டிக் அடிச்சேன்."

அவர் 'சும்மா' என்று சொன்ன இரண்டு வேலைகளும் ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நித்தம் நடப்பவை. கொள்முதல் பில்களை டேலியில் பதிந்தார், வங்கிக் கணக்கு விவரத்தைப் பணப் பதிவேட்டோடு ஒப்பிட்டார் என்று இரண்டு வரி போதும். எத்தனை பில் என்று அவருக்கு நினைவில்லை என்றால் எண்ணிக்கை வேண்டாம். 'ஐந்நூறு பில் போட்டதாகப் போட்டுக்கலாம்' என்ற யோசனை யாருக்காவது வந்தால் அதைத் தடுக்க வேண்டியவர் டைப் செய்பவர்தான்.

டைப்ரைட்டிங்கில் அவர் 'லோயர், ஹையர்' என்று எழுதியிருக்கிறார். ஊர் வழக்கு அதுதான். அரசு தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழில் ஜூனியர் கிரேடு, சீனியர் கிரேடு என்று இருக்கும். ஆங்கிலத்தில் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45 சொல். ரெஸ்யூமேயில் சான்றிதழில் உள்ள பெயரே வர வேண்டும். டேலியும் அப்படித்தான். பழைய பழக்கத்தில் டேலி ஈஆர்பி 9 என்று எழுதிவிடுவார்கள். 2020 கடைசியிலிருந்து வந்துகொண்டிருப்பது டேலி பிரைம். 2024-ல் படித்தவரின் சான்றிதழில் எது இருக்கிறது என்று பார்த்து அதைப் போட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் நடுப்பகுதி இப்படி நிற்கும்:

```
EDUCATION
B.Com, Bharathiar University         2023 – 2026
  72% up to Semester 5
HSC, Tamil Nadu State Board                 2023
  471 / 600 (78.5%)
SSLC, Tamil Nadu State Board                2021
  Pass

TRAINING
Trainee, auditor's office    Dec 2024 – Jan 2025
  (4 weeks)
  Entered purchase bills in TallyPrime
  Matched bank statements with cash book

CERTIFICATES
TallyPrime with GST          Jun 2024 – Aug 2024
Typewriting English, Senior Grade       Aug 2024
```

உண்மையான ரெஸ்யூமேயில் கல்லூரி, பள்ளி, அலுவலகம், பயிற்சி மையம் ஆகியவற்றின் பெயரும் ஊரும் இதில் சேரும். கடைசி செமஸ்டர் முடிவு வராததால் ஐந்தாம் செமஸ்டர் வரை என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பதைக் கவனிக்கலாம். மதிப்பெண் பட்டியலில் சி.ஜி.பி.ஏ. இருந்தால் சி.ஜி.பி.ஏ.வாகவே போட வேண்டும். நாமாக ஒரு எண்ணால் பெருக்கிச் சதவீதமாக்கக் கூடாது, ஏனென்றால் மாற்றும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும்.

எதை விடுவது

இரண்டு தாள் ஒரு பக்கமாவது எழுத்தைச் சுருக்கியதால் அல்ல. தேவையில்லாததை எடுத்ததால். மதம், சாதி, திருமண நிலை, தந்தை பெயர், வயது ஆகியவை தனியார் நிறுவன ரெஸ்யூமேயில் தேவையில்லை. அரசு வேலைக்கோ வங்கி வேலைக்கோ இவற்றில் சில கேட்கப்படும், அதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் இருக்கும். ஆதார் எண், பான் எண் எழுதியிருந்தால் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். எத்தனையோ கை மாறப்போகும் தாள் அது. வீட்டு முகவரிக்கும் கதவு எண், தெரு எல்லாம் வேண்டாம். ஊரும் மாவட்டமும் போதும்.

'பெயர்பெற்ற நிறுவனத்தில் என் திறமையைப் பயன்படுத்தி நிறுவனத்தோடு சேர்ந்து வளர' என்று தொடங்கும் குறிக்கோள் வரி எல்லாப் பயோடேட்டாவிலும் இருப்பது. அதை எடுத்துவிட்டு, 'பி.காம். இறுதியாண்டு மாணவி, டேலி பிரைம் தெரியும், அக்கவுன்ட்ஸ் உதவியாளர் வேலை தேடுகிறார்' என்ற பொருளில் ஒரே வரி போட்டால் விஷயம் சொன்னதாகும். பாட்டுக் கேட்பது, டிவி பார்ப்பது, கடின உழைப்பு, நேரம் தவறாமை ஆகிய வரிகளும் போகலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் கலந்துகொண்டிருந்தால் அது இருக்கட்டும், அதற்குச் சான்று உண்டு.

உறுதிமொழியும் கையெழுத்தும்? சில உள்ளூர் நிறுவனங்கள் இன்னும் எதிர்பார்க்கின்றன. கேட்டால் கடைசியில் இரண்டு வரி சேர்க்கலாம், கேட்காவிட்டால் வேண்டாம்.

இப்படி எதை எடுத்தாலும் மாணவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். நமக்குத் தேவையில்லை என்று படும் ஒன்று, அவர் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்கப்படலாம்.

பக்கத்தை அமைப்பது

A4 தாள். நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம். பெயர் 16 புள்ளி, மற்ற எழுத்து 11 புள்ளி. இடம் போதாவிட்டால் 10 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஒரே எழுத்துரு. நிறம், கட்டம், படம் எதுவும் தேவையில்லை.

தேதிகளை வலது ஓரத்தில் நேர்கோட்டில் நிறுத்துவதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளினால் திரையில் நேராகத் தெரியும். இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் தேதிகள் மேலும் கீழும் சிதறி நிற்கும். சரியான வழி வலது டேப். A4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு ஓரமும் சேர்த்து 4 செ.மீ. போனால் மீதி 17. வேர்டில் பத்தி அமைப்புக்குள் `Tabs` என்ற பெட்டியைத் திறந்து, 17 செ.மீ. என்று கொடுத்து, `Right` என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிறகு படிப்பின் பெயரை எழுதி, டேப் விசையை ஒரு முறை தட்டித் தேதியை எழுதினால், எல்லாத் தேதியும் ஒரே கோட்டில் போய் நிற்கும்.

படிப்பு விவரத்துக்குக் கட்டம் வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பெரிய நிறுவனங்களும் வேலைவாய்ப்புத் தளங்களும் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருளைக் கொண்டு படிக்கின்றன. கட்டங்களையும் தனிப் பெட்டிக்குள் வைத்த எழுத்தையும் அவை சில சமயம் வரிசை மாற்றிப் படித்துவிடும். பக்கத்தின் மேல்விளிம்பில் ஹெடராக வைத்த தொலைபேசி எண்ணைக் கவனிக்காமலே விடுவதும் உண்டு. தொடர்பு விவரம் சாதாரண வரியாக, பெயருக்குக் கீழே இருக்கட்டும்.

முடித்ததும் பி.டி.எஃப். ஆக்கி ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்தப் பி.டி.எஃப்.பைத் திறந்து, எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்ட வேண்டும். பெயர், தொடர்பு, படிப்பு, பயிற்சி என்ற வரிசையில் எழுத்து வந்தால் நல்லது. வரிசை குழம்பினால் எங்கோ பெட்டியோ கட்டமோ ஒளிந்திருக்கிறது. எதுவுமே ஒட்டவில்லை என்றால் பி.டி.எஃப்.புக்குள் இருப்பது எழுத்தல்ல, படம். கையெழுத்துத் தாளின் போட்டோவை வேர்டில் வைத்துப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்த ஃபைல் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஃபைலுக்குப் பெயரும் முக்கியம். `IMG-20260512-WA0007.jpg` என்றோ `new final 2.pdf` என்றோ போகும் ஃபைலை, நூறு விண்ணப்பம் வாங்கியவர் மறுநாள் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. பெயரும் வேலையின் பெயரும் சேர்ந்த ஒரு ஃபைல் பெயர் போதும்.

கையில் கொடுப்பதற்கு முன்

கடைசிச் சரிபார்ப்பை டைப் செய்தவர் தனியாகச் செய்தால் தன் பிழை தன் கண்ணில் படாது. ஒருவர் மார்க் ஷீட்டைப் பார்த்து எண்களை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ரெஸ்யூமேயில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். எல்லா மஞ்சளும் நீங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு மஞ்சள் மிச்சமிருந்தாலும், அதற்கு விடை கிடைக்காவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடலாம். சந்தேகத்தோடு ஒரு வரி இருப்பதைவிட அது இல்லாமல் இருப்பது மேல்.

மாணவிக்குப் பி.டி.எஃப்.பை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது. திருத்தக்கூடிய வேர்டு ஃபைலும் அவர் மெயிலுக்குப் போக வேண்டும். அடுத்த மாதம் கடைசி செமஸ்டர் முடிவு வரும்போது ஒரு வரி மாற்ற அவர் மறுபடி காசு கொடுத்துக் கடைக்கு வர வேண்டியதில்லை. கடைக் கம்ப்யூட்டரில் தங்கிய படங்களையும் மார்க் ஷீட்டுகளையும் அவர் கண் முன்னாலேயே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட வேண்டும். மாணவி அங்கே தன் வாட்ஸாப் வெப்பைத் திறந்திருந்தால் லாக் அவுட் செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ரெஸ்யூமேயை யார் டைப் செய்து கொடுத்தாலும், அதை அனுப்பும் முன் உங்கள் சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு தேதியையும் நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் கேள்வி கேட்கப்போவது உங்களிடம்தான், டைப் செய்தவரிடம் இல்லை.